பின்னல் எவ்வளவு? ஒரு கழித்தல் குறியும் இரண்டு எடைகளும்

2022 ஆம் ஆண்டுக்கான பௌதிகவியல் நோபல் பரிசு அலன் அஸ்பே, ஜோன் கிளவுசர், அன்டன் சைலிங்கர் ஆகிய மூவருக்கும் அறிவிக்கப்பட்டபோது ‘குவாண்டம் பின்னல்’ என்ற சொல் தமிழ்ச் செய்திகளிலும் சில நாட்கள் அடிபட்டது. அப்போது தரப்பட்ட விளக்கங்களில் பல ஒரே உவமையைச் சுற்றியே வந்தன. ஒரு சோடிச் செருப்பில் ஒன்றை யாழ்ப்பாணத்துக்கும் மற்றதைக் கொழும்புக்கும் அனுப்பினால், ஒரு பெட்டியைத் திறந்த உடனேயே மற்றப் பெட்டியில் இருப்பது இடதா வலதா என்று தெரிந்துவிடும். பின்னலும் அப்படித்தான் என்றார்கள்.

அப்படியல்ல. செருப்பில் பின்னல் எதுவும் இல்லை. அத்துடன் பின்னல் என்பது ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லி முடிக்கக்கூடிய விடயமும் அல்ல. அது எவ்வளவு என்று கேட்கலாம். அதற்கு எண்ணில் விடை சொல்லலாம். அந்த எண்ணை எடுக்கும் வழி சாதாரண தரக் கணிதத்தில் வரும் 2×2 தாயத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

பாடநூல்களில் வழமையாக வரும் ஆலிஸ், பொப் என்ற இருவரையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு ஒளித்துகள். ஒவ்வொரு துகளின் முனைவாக்கத்தையும் அளந்தால் கிடைமட்டம் அல்லது நிலைக்குத்து என்ற இரண்டு விடைகளில் ஒன்றுதான் வரும். அவற்றை 0, 1 என்று குறிப்போம். |01⟩ என்றால் ஆலிஸின் துகள் 0, பொப்பின் துகள் 1. இரண்டையும் சேர்த்த நிலை |00⟩, |01⟩, |10⟩, |11⟩ ஆகிய நான்கும் வெவ்வேறு வீச்சங்களுடன் மேற்பொருந்திய ஒன்றாக இருக்கும். வீச்சத்தை வர்க்கித்தால் அந்த விடை வருவதற்கான நிகழ்தகவு கிடைக்கும்.

இப்போது இந்த இரண்டு நிலைகளையும் பாருங்கள்:

½ ( |00⟩ + |01⟩ + |10⟩ + |11⟩ )

½ ( |00⟩ + |01⟩ + |10⟩ − |11⟩ )

வித்தியாசம் கடைசியில் உள்ள கழித்தல் குறி மட்டும்தான். 0, 1 என்று அளந்தால் இரண்டிலும் நான்கு விடைகளும் தலா கால் பங்கு வரும். ஆயிரம் தடவை அளந்து அட்டவணை போட்டாலும் எது எதுவென்று பிரித்தறிய முடியாது. ஆனால் முதலாவது நிலையை (|0⟩ + |1⟩) × (|0⟩ + |1⟩) என்று காரணிப்படுத்தலாம். ஆலிஸின் துகளுக்கு ஒரு நிலை, பொப்பின் துகளுக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். அதில் பின்னல் துளியும் இல்லை. இரண்டாவதை எப்படி முயன்றாலும் காரணிப்படுத்த முடியாது. இரண்டு துகள்களுக்கிடையே இருக்கக்கூடிய அதிகபட்சப் பின்னல் அதில் இருக்கிறது.

ஆகவே, எத்தனை உறுப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது எதற்கும் உதவாது. நாம் பார்க்கும் அச்சுகள் தவறாக இருக்கலாம். ஆலிஸ் தன் அளவுக் கருவியைக் கொஞ்சம் சுழற்றி, பொப்பும் தன்னுடையதைச் சுழற்றினால், அதே நிலை வேறு வடிவில் தெரியும். எல்லாவற்றிலும் எளிமையாகத் தெரியும் சுழற்சி எது?

இந்தக் கேள்விக்கான விடை குவாண்டம் பொறிமுறை பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. இன்று எஸ்தோனியாவில் இருக்கும் தார்த்து நகரில் பிறந்த ஏர்ஹார்ட் ஷ்மிட் என்ற கணிதவியலாளர், 1907 இல் தொகையீட்டுச் சமன்பாடுகள் பற்றிய கட்டுரை ஒன்றில் இதை நிறுவினார். அவருக்குத் துகள்களைப் பற்றிய யோசனையே இல்லை. 1935 இல் ‘பின்னல்’ என்ற சொல்லை இத்துறைக்குள் கொண்டுவந்த ஷ்ரோடிங்கர், அதே கணிதத்தை இரண்டு துகள்களுக்குப் பயன்படுத்தினார். இன்று இதற்கு ஷ்மிட் பிரிப்பு என்று பெயர்.

அது சொல்வது இதுதான். இரண்டு தொகுதிகள் சேர்ந்த எந்தத் தூய நிலையையும் சோடிகளாக மட்டும் எழுத முடியும். ஆலிஸ் பக்கத்தின் முதலாவது அடிப்படை நிலை பொப் பக்கத்தின் முதலாவதுடன் மட்டும் சேரும், இரண்டாவது இரண்டாவதுடன் மட்டும் சேரும், குறுக்குச் சேர்க்கை எதுவும் இராது. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு எடை உண்டு. எல்லா எடைகளையும் கூட்டினால் 1. சிறிய தொகுதிக்கு எத்தனை அடிப்படை நிலைகள் உண்டோ, அதைவிட அதிகமான சோடிகள் ஒருபோதும் தேவைப்படாது. ஆலிஸிடம் இருப்பது ஒரு ஒளித்துகளின் முனைவாக்கம் என்றால், பொப்பிடம் எவ்வளவு பெரிய தொகுதி இருந்தாலும் இரண்டு சோடிகள் போதும்.

செய்து பார்ப்போம். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் நிற்கும் ஒரு நிலை:

( |00⟩ + |01⟩ + |10⟩ ) / √3

இதில் |11⟩ இல்லை. ஆலிஸுக்கு 1 வந்தால் பொப்புக்கு 0 தான் வரவேண்டும். ஆலிஸுக்கு 0 வந்தாலோ பொப்புக்கு எதுவும் வரலாம். அரைகுறைத் தொடர்பு என்று தோன்றுகிறது. வீச்சங்களை ஒரு தாயமாக எழுதுவோம். நிரை ஆலிஸுக்கு, நிரல் பொப்புக்கு. 1/√3 ஐ வெளியே எடுத்தால் முதலாம் நிரை 1, 1. இரண்டாம் நிரை 1, 0. இந்தத் தாயத்தை, நிரைகளை நிரல்களாக மாற்றிய அதன் வடிவத்தால் பெருக்குங்கள். (வீச்சங்களில் கற்பனை எண்கள் இருந்தால் அவற்றின் இணையியையும் எடுக்க வேண்டும், இங்கு அந்தத் தேவை இல்லை.) விடையாக வரும் தாயத்தின் முதலாம் நிரை 2/3, 1/3, இரண்டாம் நிரை 1/3, 1/3.

எடைகள் இந்தப் புதிய தாயத்துக்குள்தான் இருக்கின்றன. அதன் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை 1, துணிகோவை 1/9. எனவே எடைகள் இந்த இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகள்:

λ² − λ + 1/9 = 0

தீர்த்தால் 0.873, 0.127 என்று வரும். இவற்றுக்குரிய அச்சுகளைக் கண்டால், ஆலிஸின் புதிய முதலாவது நிலை 0.851|0⟩ + 0.526|1⟩, இரண்டாவது 0.526|0⟩ − 0.851|1⟩. அதாவது கருவியை ஏறக்குறைய 31.7 பாகை சுழற்ற வேண்டும். இந்த உதாரணத்தில் தாயம் சமச்சீரானது என்பதால் பொப்புக்கும் அதே அச்சுகள்தான். இவற்றை e, f என்று அழைத்தால் மொத்த நிலையும் இப்படிச் சுருங்கிவிடுகிறது:

0.934 |ee⟩ − 0.357 |ff⟩

சந்தேகம் இருப்பவர்கள் e, f இரண்டையும் விரித்துப் பெருக்கிப் பார்க்கலாம். |11⟩ இன் குணகம் 0.934 × 0.276 − 0.357 × 0.724. இரண்டு பெருக்கமும் 0.258 தான், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் அரைகுறையாகத் தெரிந்த தொடர்பு, சரியான அச்சில் பார்த்தால் முழுமையாகிவிட்டது: ஆலிஸுக்கு e வந்தால் பொப்புக்கும் எப்போதும் e, f வந்தால் எப்போதும் f. அந்த இரண்டும் சம அளவில் வராமல் 87:13 என்று வருகின்றன என்பதுதான் விடயம்.

பின்னலை வாசிக்க வேண்டிய இடம் இந்த விகிதம். ஒரே ஒரு சோடி மட்டும், எடை 1 என்று வந்தால் பின்னல் இல்லை. இரண்டும் அரை அரை என்றால் முழுப் பின்னல். ஆலிஸ் தன்னந்தனியாகவே இதைச் சோதிக்கலாம். ஒரே மாதிரித் தயாரித்த பல துகள்களை வெவ்வேறு அச்சுகளில் அளந்து, எந்த அச்சில் விடை அதிகமாக ஒரு பக்கம் சாய்கிறது என்று தேட வேண்டும். பின்னல் இல்லாத தூய நிலையில் நூற்றுக்கு நூறு சாயும் அச்சு ஒன்று கட்டாயம் இருக்கும். முழுப் பின்னலில் எந்த அச்சிலும் 50:50 தான். நமது நிலையில் 0, 1 அச்சில் 67:33. எவ்வளவு தேடினாலும் அதிகபட்சம் 87:13. பொப் தேடினாலும் அதே எல்லைதான் வரும். இரு பக்கத்துக்கும் எடைகள் பொதுவானவை.

ஆலிஸும் பொப்பும் தங்கள் துகளை என்னதான் சுழற்றினாலும் அச்சுகள் மாறும், எடைகள் மாறா. எடைகளைப் பின்னலின் அளவாக நம்பலாம் என்பதற்குக் காரணம் இதுதான். எடைகளை ஒரே எண்ணாக்குவதற்கு எந்திரப்பி பயன்படுகிறது: ஒவ்வொரு எடையையும் அதன் இரண்டின் அடி மடக்கையால் பெருக்கி, கூட்டி, குறியை மாற்ற வேண்டும். நமது நிலைக்கு 0.55 வருகிறது. முழுப் பின்னலுக்கு 1.

அந்த 0.55 வெறும் மதிப்பெண் அல்ல. 1996 இல் பென்னெட், பேர்ன்ஸ்டைன், பொப்பெஸ்கு, ஷூமாக்கர் ஆகியோர் அதற்கொரு கொடுக்கல் வாங்கல் அர்த்தம் கொடுத்தனர். இத்தகைய சோடிகள் மிகப் பெரிய எண்ணிக்கையில் இருந்தால், அவரவர் பக்கத்தில் வேலை செய்து, தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட 550 முழுப் பின்னல் சோடிகளைத் திரட்டலாம். ஒரே ஒரு சோடிதான் கையில் இருக்கிறதென்றால் நிலைமை மோசம். அதை முழுப் பின்னலாக மாற்றும் முயற்சி வெற்றிபெறும் நிகழ்தகவு சிறிய எடையின் இரு மடங்கு, அதாவது ஏறக்குறைய 25 சதவீதம். தோற்றால் இருந்ததும் போய்விடும். எதிர்த்திசையில், முழுப் பின்னலை 87:13 ஆக இறக்குவது எப்போதும் முடியும்.

இனி செருப்புக்கு வருவோம். பாதி வேளை |00⟩, பாதி வேளை |11⟩ என்று ஒருவர் நாணயம் சுண்டிப் பார்த்து அனுப்புகிறார் என்க. விடைகள் எப்போதும் ஒத்துப்போகும். ஆலிஸ் தனியாகப் பார்த்தால் எந்த அச்சிலும் 50:50. முழுப் பின்னலுக்குச் சொன்ன அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன, ஆனால் பின்னல் இல்லை. காரணம், இது தூய நிலை அல்ல, கலப்பு நிலை. ஷ்மிட் பிரிப்பு அதற்குச் செல்லாது. இரண்டையும் பிரித்தறிய இருவரும் கருவியை 45 பாகை சுழற்ற வேண்டும். |00⟩ + |11⟩ என்ற உண்மையான பின்னல் அங்கும் எப்போதும் ஒத்துப்போகும். செருப்பு வகைத் தொடர்போ அங்கே பாதி வேளைதான் ஒத்துப்போகும், அதாவது வெறும் தற்செயல். ஆய்வுகூடத்தில் கிடைக்கும் எந்த நிலையும் முற்றிலும் தூயதல்ல. ஆகவே, பின்னலை உருவாக்கிவிட்டோம் என்ற அறிவிப்பு ஒன்றை வாசிக்கும்போது, ஒரே அச்சில் மட்டும் அளந்த பொருத்தத்தைக் காட்டுகிறார்களா, சுழற்றியும் அளந்தார்களா என்பதையே முதலில் தேடுவது நல்லது.

இன்னொரு எல்லை, துகள்களின் எண்ணிக்கை. மூன்றாவதாக ஒருவர் சேர்ந்தவுடன் இந்த உத்தரவாதம் போய்விடுகிறது. |000⟩ + |111⟩ ஏற்கெனவே மும்மூன்றாகச் சேர்ந்த வடிவில்தான் இருக்கிறது. ஆனால் |001⟩ + |010⟩ + |100⟩ என்ற நிலையை, மூவரும் தங்கள் அச்சுகளை எப்படிச் சுழற்றினாலும் அந்த வடிவுக்குக் கொண்டுவர முடியாது. மூவரில் ஒருவரைத் தனியாக நிறுத்தி மற்ற இருவரையும் ஒரே தொகுதியாகக் கருதினால் ஷ்மிட் பிரிப்பு மீண்டும் வேலை செய்யும். எடைகள் மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்று வரும். அந்த எண்கள் ஒருவருக்கும் மற்ற இருவருக்கும் இடையிலான பின்னலைச் சொல்லும். சேர்த்துவைத்த அந்த இருவருக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாது.