செல்லப்பிராணி அடையாள உருவம்

செல்லப்பிராணி அடையாள உருவம் என்பது, வீட்டில் வளரும் நாய், பூனை போன்றவற்றின் ஒளிப்படத்தைக் கொண்டு வரையப்பட்டு, ஒரு சிறு வணிகத்தின் இலச்சினையிலும் பொதியுறைகளிலும் மாறாமல் பயன்படுத்தப்படும் உருவமாகும். ஒளிப்படத்தை அப்படியே அச்சிட்டால் சிறிய அளவில் முகம் கலங்கிவிடும். ஒவ்வொரு பொதிக்கும் புதிதாக வரைந்தால் வெவ்வேறு விலங்குகளாகத் தோன்றும்.

ஒளிப்படமும் அடையாளக் கூறுகளும்

கைப்பேசியை முகத்தருகே வைத்து எடுத்தால் மூக்கு பெருத்துவிடும். எனவே விலங்கின் கண்மட்டத்தில், ஏறத்தாழ 2 மீட்டர் தள்ளியிருந்து, உருப்பெருக்கி எடுக்க வேண்டும். பின்னர் அதை மற்ற விலங்குகளிலிருந்து பிரித்துக்காட்டும் இரண்டு, மூன்று கூறுகளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, பிஸ்கட் தயாரிக்கும் ஒருவரின் வெள்ளை நாய்க்கு இடக்கண்ணைச் சுற்றிக் கரும்புள்ளியும், மடிந்த வலக்காதும் உள்ளன எனக் கொள்வோம். நாய் நம்மைப் பார்க்கும்போது அப்புள்ளி நமக்கு வலப்புறம் தெரியும். பெட்டியின் மறுபக்கத்துக்காகப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால், புள்ளி வலக்கண்ணுக்கு மாறிவிடும். அதனால் மறுபக்கம் பார்க்கும் தோற்றத்தைத் தனியாகவே வரைய வேண்டும். வலப்பக்கத் தோற்றத்தில் மடிந்த காது மட்டுமே தெரியும், கரும்புள்ளி தெரியாது.

அளவு

உருவத்தைத் திசையன் வரைகலையாக (`.svg`) வரைந்தால் எந்த அளவுக்குப் பெருக்கினாலும் விளிம்பு சிதையாது. ஆனால் சிறிதாக்கும்போது கோடுகளும் மெலியும். 100 மி.மீ. அகலத்தில் 1 மி.மீ. தடிமனுள்ள கோடு, 15 மி.மீ. ஒட்டுவில்லையில் 0.15 மி.மீ. ஆகிவிடும். சொரசொரப்பான பழுப்புத் தாளில் அத்தகைய கோடு விட்டுவிட்டே அச்சாகும். கோடுகள் 0.3 மி.மீ.க்குக் குறையாதிருப்பது பாதுகாப்பானது. ஆகவே மீசையும் மயிர்க்கோடுகளும் நீக்கப்பட்டு, காதும் கரும்புள்ளியும் மட்டும் எஞ்சும் சிறிய வடிவம் ஒன்றும் தேவை.

கரும்பின்னணி

கறுப்புப் பெட்டியில் வெள்ளை மையால் அச்சிடும்போது நிறங்களைத் தலைகீழாக்குவது பரவலான தவறு. அப்போது வெள்ளை நாய் கறுப்பாகவும், கரும்புள்ளி வெள்ளையாகவும் மாறிவிடும். முகத்தை வெள்ளை மையால் நிரப்பி, புள்ளியையும் மூக்கையும் மையிடாமல் விடுவதே சரியான முறை. புள்ளிக்குள் இருக்கும் கண்ணை ஒரு சிறு வெள்ளை வளையமாகக் காட்டலாம்.

மாதிரித் தாள்

முன்தோற்றம், இரு பக்கத்தோற்றங்கள், சிறிய வடிவம், கரும்பின்னணி வடிவம் ஆகியவற்றை ஒரே தாளில் வரைந்து, நிறங்களின் குறியீட்டு எண்களையும் எழுதி வைப்பது மாதிரித் தாள் எனப்படும். அச்சகமோ ஓவியரோ மாறினாலும் இத்தாளைப் பார்த்தே வரைய வேண்டும். ஒளிப்படத்திலிருந்து மீண்டும் தொடங்கக் கூடாது. இறுதியாக, எல்லா வடிவங்களையும் உண்மை அளவில் அச்சிட்டுக் கைநீட்டும் தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும். நாயை அறியாத ஒருவர் அவை அனைத்தும் ஒரே நாய் என்று சொன்னால் உருவம் சீராக உள்ளது எனக் கொள்ளலாம்.