இரண்டு அட்டைகள், ஒரே கடன்

மும்பை மாட்டுங்காவில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், தீபாவளிச் சரக்குக்காகக் கடன் அட்டையில் 40,000 ரூபாய் செலவிட்டார். சரக்கில் பாதி தேங்கிவிட்டது. கெடு நாளன்று இரண்டாவது அட்டையில் ரொக்கம் எடுத்து முதல் அட்டையை அடைத்தார்; மறுமாதம் முதல் அட்டையில் எடுத்து இரண்டாவதை அடைத்தார். ஒரு தவணையும் தவறவில்லை என்பதில் அவருக்குச் சற்றுப் பெருமிதமும் உண்டு.

கடைக் கணக்கு எழுதும் மகள்தான் ஒருநாள் அட்டையின் மாத அறிக்கையை வரிவரியாகப் படித்தாள். பொருள் வாங்கும்போது கிடைக்கும் வட்டியில்லா நாள்கள் ரொக்கத்துக்கு இல்லை. எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடுகிறது. ரொக்கம் எடுத்த கட்டணம் இரண்டரை விழுக்காடு, அதாவது 1,000 ரூபாய். மாத வட்டி மூன்றரை விழுக்காடு, 1,400 ரூபாய். இவற்றின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 432 ரூபாய்.

"அப்பா, மாதம் 2,832 ரூபாய் கல்லாவிலிருந்து போகிறது. கடன் மட்டும் அப்படியே நிற்கிறது."

அவர் 14 விழுக்காடு ஆண்டு வட்டியில் 18 மாதத் தனிநபர் கடன் பெற்று, அட்டை பாக்கியை முழுவதும் அடைத்தார். மாதத் தவணை ஏறக்குறைய 2,477 ரூபாய். கடனைச் சுழற்றுவதற்கே கொடுத்து வந்ததைவிடக் குறைவு! செயலாக்கக் கட்டணம் தனி. வட்டி விகிதமும் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்த தீபாவளிக்குப் பாதிச் சரக்கே வாங்கினார். இரண்டாவது அட்டையை ரத்து செய்யுமாறு எழுதிக் கொடுத்துவிட்டார்.