1909-க்கு எட்டாத செய்திகள்

இருபது ஆண்டுகளுக்கு முன் கைப்பேசி வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை நினைவிருக்கும். மனை விற்பனை, தனிநபர் கடன், காலர் ட்யூன் என்று எந்த நேரத்திலும் குறுஞ்செய்தி வரும். நம் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கவும் வழியில்லை, நிறுத்தச் சொல்லவும் வழியில்லை.

2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், விளம்பர அழைப்பு வேண்டாதவர்களுக்காக ஒரு பதிவேடு தொடங்கியது. உண்மையான மாற்றம் 2011 செப்டம்பரில் வந்தது. START 0 என்று 1909-க்கு அனுப்பினால் எல்லா விளம்பரத்துக்கும் தடை. வங்கி, மனை, கல்வி என்று வகை பிரித்து, வேண்டியதை மட்டும் அனுமதிக்கவும் முடிந்தது. இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரம் அனுப்பக் கூடாது என்ற விதியும் அப்போதுதான் வந்தது.

2018 விதிகள் இன்னும் ஒரு படி போயின. அனுப்புபவர் தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவோடு பொருந்தாத செய்தியைத் தொலைபேசி நிறுவனமே வழியில் நிறுத்தும். 2021 மார்ச்சில் இந்தச் சரிபார்ப்பை முழுமையாக இயக்கியபோது, வாசகத்தைப் பதிந்திராத நிறுவனங்களின் ஓடிபிகளும் சிக்கிக்கொள்ள, டிராய் ஒரு வாரம் அதை நிறுத்திவைத்தது. 2025 பிப்ரவரித் திருத்தத்தின்படி, அனுப்புபவர் பெயரின் முடிவில் -P இருந்தால் விளம்பரம், -S சேவை, -T பரிவர்த்தனை, -G அரசு. விதியை மீறி வந்த செய்தியைப் பற்றி ஏழு நாளுக்குள் புகார் செய்யலாம்.

குறுஞ்செய்திக்கு இப்படி வேலி போட்டாயிற்று. இன்றைய விளம்பரமோ செயலிகளின் நோட்டிஃபிகேஷன் வழியாக வருகிறது. அது தொலைபேசி நிறுவனத்தின் சரிபார்ப்பைத் தொடுவதே இல்லை. செயலி நிறுவனத்தின் கணினியிலிருந்து கூகுள் அல்லது ஆப்பிளின் அனுப்புதளத்துக்கும், அங்கிருந்து நம் கைப்பேசிக்கும் இணையம் வழியே வந்துவிடுகிறது. 1909-ல் நாம் பதிந்த தடை அதற்குத் தெரியாது. குறுஞ்செய்திக்கு ஒவ்வொன்றுக்கும் சில பைசா செலவு உண்டு. கூகுளின் அனுப்புதளத்துக்குக் கட்டணமே கிடையாது. ஒன்றுக்குப் பத்தாக அனுப்புவதற்குத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் அனுப்புபவருக்கு இல்லை.

சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்பதை உணவு வரவழைக்கும் செயலி ஒன்றை வைத்துப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவிய செயலி நோட்டிஃபிகேஷன் அனுப்ப நம்மிடம் அனுமதி கேட்டாக வேண்டும். சாப்பாடு எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டுமே என்று நாம் சரி என்கிறோம். மறுநாள் காலை பதினொன்றரைக்குப் பிரியாணித் தள்ளுபடி வருகிறது, இரவு பதினொன்றுக்கு ஐஸ்கிரீம் வருகிறது. பசிக்கும் நேரம் பார்த்து, நாம் வழக்கமாகச் சாப்பாடு வரவழைக்கும் மணியைக் கணக்கிட்டு அனுப்புகிறார்கள். ஒரு வேலைக்காகக் கொடுத்த அனுமதி இன்னொரு வேலைக்குப் பயன்படுகிறது.

இதைத் தடுக்க ஆண்ட்ராய்டில் 2017 முதல் ஒரு வசதி உண்டு. செயலி தன் செய்திகளை ஆர்டர் நிலவரம், சலுகைகள் என்று தனித்தனிப் பிரிவுகளாக வைக்கலாம். நாம் வேண்டாத பிரிவை மட்டும் அணைக்கலாம். ஆனால் பிரிப்பதும், எந்தச் செய்தியை எதில் போடுவது என்று முடிவு செய்வதும் செயலி நிறுவனம்தான். வந்த நோட்டிஃபிகேஷன் மீது விரலை அழுத்திப் பிடித்தால் அது எந்தப் பிரிவில் வந்தது என்று தெரியும். சலுகையும் ஆர்டர் நிலவரமும் ஒரே பிரிவில் வந்தால், விளம்பரத்தை மட்டும் அணைக்க நமக்கு அங்கே வழி விடவில்லை என்று பொருள். ஐபோனில், விளம்பரத்துக்குச் செயலிக்குள் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும், விலகவும் வழி வைக்க வேண்டும் என்பது ஆப்பிளின் விதி.

பொறுமை இழந்தவர்கள் மொத்தத்தையும் அணைத்துவிடுகிறார்கள். அதன்பின் உணவு கொண்டுவருபவர் வாசலில் நிற்பதும் தெரிவதில்லை. வங்கிச் செயலியில் அப்படிச் செய்தால், கணக்கிலிருந்து பணம் போனதைச் சொல்லும் எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போகலாம். விளம்பரத்தின் தொல்லை தேவையான செய்தியையும் சேர்த்துக் கெடுக்கிறது. நிறுவனத்துக்கும் இது நட்டம்தான்: அணைத்தவரைத் திரும்ப அழைக்க அந்த வழி இனி அதற்கு இல்லை.

கொடுப்பது எவ்வளவு எளிதோ, சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். எந்த நோக்கத்துக்கு என்று குறித்துக் கேட்க வேண்டும். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது இதைத்தான். அந்த அளவுகோலை நோட்டிஃபிகேஷனுக்கும் வைக்க வேண்டும். ஆர்டர் நிலவரத்துக்கு ஓர் அனுமதி, சலுகைக்கு வேறோர் அனுமதி, இரவு 9-க்கு மேல் விளம்பரமே இல்லை. குறுஞ்செய்திக்கு நாம் ஏற்கெனவே போட்ட விதிகள்தாம் இவை.