குழந்தை நடிக்கிற நாளின் இரண்டு தாள்கள்

1982 ஜூலை 23. கலிஃபோர்னியாவில் ‘ட்வைலைட் ஸோன்’ படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது மணி அதிகாலை இரண்டைத் தாண்டியிருந்தது. நடிகர் விக் மாரோ இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் பறக்க வேண்டும், சுற்றிலும் வெடிகள் வெடிக்க வேண்டும். அதுதான் காட்சி. வெடியில் சிக்கிய ஹெலிகாப்டர் கட்டுப்பாடு இழந்து மூவர் மீதும் விழுந்தது. மூவரும் அங்கேயே இறந்தார்கள். குழந்தைகளில் ஒன்றுக்கு ஆறு வயது, இன்னொன்றுக்கு ஏழு.

அந்த நேரத்தில் குழந்தைகளை வேலைக்கு வைக்க அந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கவில்லை. அதனால் அனுமதியே கேட்காமல், சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்து அழைத்து வந்திருந்தார்கள். வெடிகள் இருக்கும் என்று யாரும் தங்களிடம் சொல்லவில்லை என்று பெற்றோர் நீதிமன்றத்தில் கூறினார்கள். இயக்குநர் உட்பட ஐந்து பேர் மீது நடந்த கிரிமினல் வழக்கு 1987-இல் விடுதலையில் முடிந்தது.

குழந்தை எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்பதை ஒரு தாள் சொல்ல வேண்டும். என்ன செய்யப்போகிறது என்பதை இன்னொரு தாள் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தக் குழந்தைகளுக்கு இரண்டுமே நேர்மையாக எழுதப்படவில்லை.

இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைக்கத் தடை இருக்கிறது. சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றுக்கு 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் விலக்கு தந்தது. அதற்கான நிபந்தனைகள் 2017 விதிகளில் உள்ளன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளைக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். குழந்தைகளின் பட்டியல், பெற்றோர் சம்மதம், பொறுப்பாளரின் பெயர், படிவம் சி-யில் ஓர் உறுதிமொழி ஆகியவற்றையும் அவரிடம் கொடுக்க வேண்டும். எந்த மாவட்டத்தில் படப்பிடிப்போ அந்த மாவட்ட ஆட்சியர்தான் அனுமதி தர வேண்டும். சென்னையில் வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு செங்கல்பட்டில் கேமராவை வைத்துவிட முடியாது.

ஒரு நாளைக் கற்பனை செய்து பார்க்கலாம். எட்டு வயதுச் சிறுமி, கிராமத்து வீடு, மழையில் நனைகிற காட்சி. யூனிட் காலை ஆறு மணிக்கே இறங்கிவிடும். ஆனால் கால்ஷீட் தாளில் சிறுமிக்கு எதிரே ஒன்பது மணி என்றுதான் இருக்க வேண்டும். ஒன்பதரை வரை மேக்கப்பும் உடையும். பதினொன்றரை வரை ஷாட்கள். பிறகு அரை மணி நேரம் ஓய்வும் சிற்றுண்டியும். பன்னிரண்டு முதல் இரண்டு வரை மறுபடி ஷாட்கள். இரண்டு மணிக்குச் சிறுமி கிளம்பிவிட வேண்டும்.

மேக்கப் நேரமும் காத்திருக்கும் நேரமும் ‘வேலை’யா என்று விதி பிரித்துச் சொல்லவில்லை. வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து கணக்கு வைப்பதுதான் பத்திரமான வழி. கலிஃபோர்னியாவில் இதைத் தெளிவாகவே பிரித்திருக்கிறார்கள். ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தை பள்ளி நாட்களில் எட்டு மணி நேரம் வரை செட்டில் இருக்கலாம். அதில் நான்கு மணிதான் நடிப்பு, மூன்று மணி படிப்பு, ஒரு மணி ஓய்வு.

தாளில் எழுதிய நேரம் எங்கே குலையும் என்பது உதவி இயக்குநர்களுக்குத் தெரியும். லைட்டிங் முடியவில்லை, பெரிய நடிகர் இன்னும் வரவில்லை என்று பதினொரு மணி ஷாட் ஒரு மணிக்குத் தள்ளிப்போகும். அதற்காகச் சிறுமியின் ஐந்து மணி நேரம் புதிதாகத் தொடங்கிவிடாது. எனவே குழந்தை முகம் தெரியும் ஷாட்களை முதலில் எடுத்துவிட வேண்டும். குழந்தையின் முதுகு மட்டும் தெரியும் ஷாட்டுக்கு உயரம் குறைந்த பெரியவர் ஒருவரை டூப்பாக நிறுத்தலாம். எதிரே நிற்பவரின் வசனத்தையும் ரியாக்‌ஷனையும் குழந்தை போன பிறகு எடுக்கலாம். கால்ஷீட்டின் ஓரத்தில் வந்த நேரம், ஓய்வு, போன நேரம் என மூன்று கட்டங்கள் போட்டு அன்றைக்கே பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினால், பிற்பாடு யாரும் நேரத்தை மாற்றிச் சொல்ல முடியாது.

கால்ஷீட்டில் எழுதக் கூடாதவையும் உண்டு. அந்தத் தாள் வாட்ஸ்அப் குழுவில் யூனிட்டில் உள்ள அத்தனை பேருக்கும் போகிறது. சிறுமியின் முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி, அம்மாவின் எண் எதுவும் அதில் வேண்டாம். கதாபாத்திரத்தின் பெயர் போதும். பொறுப்பாளரின் பெயரும் எண்ணும், பக்கத்து மருத்துவமனையும், தனி உடை மாற்றும் அறை எங்கே என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது சம்மதக் கடிதம். பல இடங்களில் அது ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது: ‘என் மகள் இப்படத்தில் நடிக்க முழுச் சம்மதம், எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல.’ இந்த வரியைப் படித்து ஓர் அம்மா எதையும் தெரிந்துகொள்ள முடியாது. கம்பெனியையும் இது சட்டத்திலிருந்து காப்பாற்றாது. எட்டு மணி நேரம் வேலை வாங்கிக்கொள்ளலாம் என்று பெற்ற அம்மாவே எழுதிக் கொடுத்தாலும் ஐந்து மணி ஐந்து மணிதான். விதியை மீறிய வணிகப் படப்பிடிப்பு என்றால் அனுமதித்த பெற்றோரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

மழைக் காட்சிக்கான கடிதம் இப்படி இருக்கலாம்:

‘காட்சி 14. மழையில் முற்றத்தில் ஓடி, வழுக்கி விழுவதாக நடிக்க வேண்டும். நிஜமாக விழும் ஷாட் டூப் செய்வார். டேங்கர் தண்ணீர் குடிநீராக இருக்கும். ஒரு முறைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் நனைய மாட்டாள். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் துண்டும் மாற்று உடையும் தரப்படும். புகை, நெருப்பு, விலங்கு இல்லை. அப்பா வேடக்காரர் திட்டுவார், கை வைக்க மாட்டார். நேரம் 9 முதல் 2 வரை. நான் செட்டில் பார்க்கும் தூரத்தில் இருப்பேன். மகளுக்கு இந்தக் காட்சியைச் சொல்லி, அவள் சம்மதித்த பிறகே கையெழுத்திடுகிறேன். இதில் எது மாறினாலும் புதிய கையெழுத்து வேண்டும். மகளோ நானோ வேண்டாம் என்றால் ஷாட் நிற்கும்.’

கடைசிக்கு முந்தைய வரிதான் முழுக் கடிதத்தையும் தாங்குகிறது. காலையில் ‘திட்டுவார்’ என்றிருந்தது மதியம் ‘ஒரே ஒரு அறை’ ஆகிவிடுவது செட்டில்தான் நடக்கும். ‘உண்மையா அழட்டும், நல்லா வரும்’ என்று யாராவது சொல்லும்போது, அம்மா நீட்டிக் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

பணத்தையும் அதே கடிதத்தில் எழுதிவிடுவது நல்லது. ‘தி கிட்’ படத்தில் சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் வருமானம் கரைந்துபோனதைக் கண்டு 1938-இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். அதைத் தொடர்ந்து 1939-இல் கலிஃபோர்னியாவில் அவர் பெயரால் அறியப்படும் சட்டம் வந்தது. இந்திய விதிப்படி சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம், குழந்தையின் பெயரில் தேசிய வங்கி ஒன்றில் நேரடியாக ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போக வேண்டும். வயது வந்த பிறகு அது குழந்தைக்குச் சேரும். 50,000 ரூபாய் சம்பளம் என்றால் 10,000 ரூபாய்க்கான டெபாசிட் ரசீதின் நகலைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். டிரெய்லர், போஸ்டர், மேக்கிங் வீடியோ இவற்றில் எதற்கெல்லாம் குழந்தையின் முகத்தைப் பயன்படுத்தலாம் என்பதையும் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பலர் கோட்டை விடுவது பேட்ச் ஒர்க்கில். எடிட்டிங் டேபிளில் ஒரு ஷாட் குறைகிறது என்று ஏழெட்டு மாதம் கழித்து போன் வரும், ‘அரை நாள் வேலைதாம்மா’ என்பார்கள். படிவம் சி உறுதிமொழிக்கு ஆயுள் ஆறு மாதம்தான். அரை நாள் வேலைக்கும் புதிய உறுதிமொழி, புதிய கால்ஷீட், அந்த ஷாட்டை விவரிக்கும் புதிய சம்மதக் கடிதம் மூன்றும் வேண்டும். செட்டில் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அந்த எண்ணையும் கால்ஷீட்டிலேயே அச்சடித்துவிடலாம்.