மிஸ்ஸுக்கும் ஆயாவுக்கும் ஒரு கடிதம்

வீட்டில் டயப்பரைக் கழற்றிவிட்டு, பிளே ஸ்கூலில் நாள் முழுவதும் அதை மாட்டிவைத்தால், வரும்போது சொல்ல வேண்டும் என்பது குழந்தைக்குப் பிடிபடாது. இரண்டு இடத்திலும் பழக்கம் ஒன்றாக இருப்பதற்காகப் பெற்றோர் பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுக்கலாம். கடிதத்தை வாங்குபவர் மிஸ். குழந்தையைக் கழிப்பறைக்குக் கூட்டிச் செல்பவர் பெரும்பாலும் ஆயா. அதனால் அது ஒரே பக்கத்தில், வாசித்துக் காட்டினாலே புரிகிற தமிழில் இருப்பது நல்லது.

இரண்டரை வயதுப் பெண் குழந்தைக்கான கடிதம் இப்படித் தொடங்கலாம்: "உச்சா வந்தால் 'சூ' என்பாள். ஆய் வந்தால் சொல்ல மாட்டாள்; கதவோரம் போய் அசையாமல் நிற்பாள்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால், புதியவர் கண்ணுக்கு அவள் விளையாடுவதாகத்தான் படும்.

அடுத்தது நேரம். "ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் போகிறோம். சாப்பிட்டு இருபது நிமிடத்தில் உட்கார வைக்கிறோம்." வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் முக்கியம். "போகணுமா?" என்று கேட்டால் விளையாட்டு மும்முரத்தில் "வேண்டாம்" என்றே பதில் வரும், "வா, உச்சா போயிட்டு வரலாம்" என்று கூப்பிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது.

பள்ளியும் பதிலுக்கு, நனைந்த நேரத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பினால் போதும். பத்து மணிக்குத் தண்ணீர் குடிப்பவள் மூன்று நாளும் பதினொன்றே கால் வாக்கில் நனைத்தாள் என்றால், பதினொன்றரைக்குக் கூட்டிப் போவதைப் பதினொன்றுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அதிகம் கவனிக்க வேண்டியது மலத்தை அடக்குவது. பெரியவர்களுக்கான வெஸ்டர்ன் கழிப்பறையில் கால் தொங்கினால் குழந்தை பயப்படும், முக்கவும் முடியாது. காலுக்கு ஒரு சின்ன முக்காலி வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டுவிடலாம். அடக்கிய மலம் இறுகும், போகும்போது வலிக்கும், வலிக்குப் பயந்து குழந்தை மறுபடி அடக்கும். ஜட்டியில் அடிக்கடி லேசாகக் கறை பட்டால் அது வயிற்றுப்போக்காகவே இருக்க வேண்டியதில்லை. இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாகவும் இருக்கலாம். அதை அன்றே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மலச்சிக்கலை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யாமல் பழக்குவது பலிக்காது.

நனைத்துவிட்டால் என்ன சொல்வது என்பதையும் எழுத வேண்டும்: "'பரவாயில்லை, மாத்திக்கலாம்' என்போம், திட்டுவதில்லை. பெண் குழந்தை என்பதால் முன்னிருந்து பின்னாகக் கழுவுகிறோம்." பையில் எலாஸ்டிக் வைத்த மாற்று உடைகள் இருக்கட்டும். மதியத் தூக்கத்துக்கு மட்டும் டயப்பர், எழுந்ததும் கழற்றிவிடலாம். தூக்கத்தில் நனைக்காமல் இருப்பது மெதுவாகத்தான் வரும்.

இரண்டு வாரமாகியும் முன்னேற்றமே இல்லை, கழிப்பறை என்றாலே அழுகிறாள் என்றால், அவள் இன்னும் தயாராகவில்லை. அப்போது வீடும் பள்ளியும் பேசிக்கொண்டு, ஒரே நாளில் டயப்பருக்குத் திரும்பி, ஓரிரு மாதம் கழித்து மறுபடி தொடங்கலாம்.