சமையலறையை உடைப்பதற்கு முன் எழுத வேண்டிய தாள்

குழாய் பதிக்கச் சுவரைக் கொத்திய பள்ளத்தை யார் பூசி மூடுவது? பழைய சமையலறையைப் புதுப்பிக்கும் வீடுகளில் பாதிச் சண்டை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பிளம்பர் குழாயைப் பதித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். டைல்ஸ் ஒட்ட வருபவர் சுவரைத் தடவிப் பார்த்து, "மட்டமா பூசிக் குடுத்தாத்தான் சார் ஒட்ட முடியும், பூச்சு எங்க கணக்குல இல்ல" என்பார். இருவர் சொல்வதும் நியாயம். அந்த இடைப்பட்ட வேலையை எவர் பெயரிலும் எழுதாமல் விட்டதுதான் தவறு.

வேலை தொடங்கும் முன் எழுதிக் கையெழுத்திடும் வேலை விவரத் தாளின் முதல் பயன் இதுதான். மொத்தம் இவ்வளவு ரூபாய் என்று முடியும் கொட்டேஷன் வேறு, இது வேறு. என்ன வேலை, எந்த அளவு, எந்தப் பொருள், அதை வாங்குவது யார், வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இந்தத் தாள் ஒவ்வொரு வரியிலும் சொல்ல வேண்டும்.

ஒரு சமையலறையை எடுத்துக்கொள்வோம். பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. நீளம் 10 அடி, அகலம் 8 அடி. மொசைக் தரை, 'எல்' வடிவத்தில் இரண்டடி ஆழமுள்ள கடப்பா கல் மேடை, சுவருக்குள் துருப்பிடித்த ஜிஐ குழாய்கள். தரைக்கும் மேடைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கும் புது டைல்ஸ், கிரானைட் மேடை, புதுக் குழாய்கள், மேடைக்குக் கீழே கப்போர்டு. இவைதான் தேவை.

தரையில் முதலில் தீர்மானிக்க வேண்டியது, மொசைக்கைப் பெயர்ப்பதா, அதன் மேலேயே பசை போட்டு ஒட்டுவதா என்பது. மேலே ஒட்டினால் இடிப்பும் தூசியும் குறையும். ஆனால் தரை அரை அங்குலத்துக்குச் சற்று மேல் உயரும். கதவின் அடிப்பக்கம் உரசும், தண்ணீர் போகும் ஜாலி பள்ளத்தில் போய்விடும். பெயர்ப்பதாக இருந்தால் இடிசலை மூட்டை கட்டிக் கீழே இறக்கி லாரியில் அனுப்புவது யார் செலவு என்பதும் தாளில் இருக்க வேண்டும். லிஃப்டில் இடிசல் ஏற்றக் கூடாது என்று பல குடியிருப்புகளில் விதி உண்டு. இரண்டு மாடி சுமந்து இறக்கும் கூலி சின்னத் தொகை அல்ல.

தரை மொத்தம் 80 சதுர அடி. மேடைக்குக் கீழே 32 சதுர அடி போகிறது. அங்கே டைல்ஸ் உண்டா இல்லையா? கப்போர்டு மறைத்துவிடும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். சிங்க்குக்குக் கீழே என்றாவது நீர் கசியும் என்பதால் முழுத் தரைக்கும் போடுவதே நல்லது. வெட்டுச் சேதத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 88 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல் பெட்டிக்கு நான்கு வந்தால், ஆறு பெட்டி வாங்க வேண்டும். எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். தொகுதி மாறினால் நிறம் லேசாக மாறும், பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

குழாய் வேலையைப் பாயிண்ட் கணக்கில்தான் பேசுவார்கள். இங்கே சிங்க்குக்குக் குளிர்நீர், வெந்நீர் என இரண்டு, குடிநீர் சுத்திகரிப்பானுக்கு ஒன்று, பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு ஒன்று, ஆக நான்கு நீர்வரத்துப் பாயிண்ட். சிங்க்குக்கும் இயந்திரத்துக்கும் கழிவுநீர்ப் பாயிண்ட் இரண்டு. எண்ணிக்கை மட்டும் போதாது, ஒரு பாயிண்டின் விலையில் என்னென்ன அடங்கும் என்பது வேண்டும். சுவர் கொத்துதல், சிபிவிசி குழாய், முனையில் பித்தளை மரையுள்ள எல்போ, கிளாம்ப், சோதனை, பள்ளத்தைக் கலவையால் பூசிச் சுவர் மட்டத்துக்கு மூடுதல், இத்தனையும் பிளம்பர் பொறுப்பு என்று எழுதிவிட்டால் முதலில் சொன்ன சண்டைக்கு இடமில்லை. குழாயும் ஆங்கிள் காக்கும் வீட்டுக்காரர் வாங்கித் தருவார் என்றால் அதையும் அங்கேயே எழுத வேண்டும்.

வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் இதே அளவு முக்கியம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பழைய ஜிஐ குழாயில் புதுக் குழாயை இணைக்க மரையைத் திருகும்போது, துருவேறிய முனை ஒடிந்து கையோடு வந்துவிடுவது உண்டு. 'சமையலறையின் கேட் வால்விலிருந்து, வால்வு மாற்றுவது உட்பட' என்று எல்லை குறித்து, அதற்கு அப்பால் மாற்ற நேர்ந்தால் அடிக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

உயரங்கள் எல்லாம் முடிந்த தரை மட்டத்திலிருந்து அளக்கப்பட வேண்டும். மொசைக்கைப் பெயர்த்த பள்ளத்திலிருந்து பிளம்பர் அளந்துவிட்டால், டைல்ஸ் போட்டபின் ஒவ்வொரு பாயிண்டும் அந்தக் கனத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், கப்போர்டின் தட்டு குறுக்கே நிற்கும். டியூப் லெவல் பிடித்து நான்கு சுவரிலும் ஒரே கோடு அடித்து, பிளம்பரும் டைல்ஸ்காரரும் கார்பென்டரும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும் என்பது தாளில் ஒரு தனி வரி. பூசி மூடும் முன் டெஸ்ட் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, இரண்டு மணி நேரமாவது முள் இறங்காமல் நிற்பதை வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். அளவு டேப்பைச் சுவரில் பிடித்தபடி குழாய்களைப் புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கவோ துளையிடவோ வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.

இனி கப்போர்டு. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான், அதுவும் யாரும் பொய் சொல்லாமலே. நம் 'எல்' மேடையைச் சுவரோரம் அளந்தால் 10 அடியும் 8 அடியும் சேர்ந்து 18 அடி. மூலையை ஒருமுறை மட்டும் கணக்கிட்டால் 16 அடி. முன்பக்கம், கண்ணுக்குத் தெரியும் கதவுகளின் நீளம் 14 அடிதான். கப்போர்டு உயரம் இரண்டரை அடி என்றால் முறையே 45, 40, 35 சதுர அடி. ஒரே கப்போர்டு, ஒரே சதுர அடி விலை, ஆனால் பில் மூன்று விதம். விலை குறைவாகச் சொன்னவர் சுவரோரம் அளப்பவராக இருந்தால் கடைசியில் அவரே அதிகம் வாங்குவார். அதனால் விலைக்குப் பக்கத்திலேயே அளக்கும் முறையை எழுதி, சிறு படம் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

பலகைக்கு 'நல்ல பிளைவுட்' என்று எழுதுவதில் பயனில்லை. சிங்க்குக்குக் கீழாவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட், கனம் 18 மில்லிமீட்டர், வெட்டும் முன் முத்திரையைக் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள். கீல், டிராயர் சேனல் ஆகியவற்றுக்குக் கம்பெனிப் பெயரும் மாடல் எண்ணும் வேண்டும். இன்னொன்று, கப்போர்டின் வரைபடம் சுவரைக் கொத்தும் முன்பே தயாராக இருக்க வேண்டும். டிராயருக்குப் பின்னால் ஆங்கிள் காக் வந்தால் டிராயர் உள்ளே போகாது. ஆனால் பலகை வெட்டுவதற்கான கடைசி அளவை டைல்ஸ், கிரானைட் முடிந்தபின்தான் எடுக்க வேண்டும்.

உடைத்தபின்தான் தெரியும் சங்கதிகளும் உண்டு. பூச்சுக்குள் ஈரம், மேடைக்கு அடியில் துருவேறிய கம்பி. இவற்றை எந்தத் தாளும் முன்கூட்டிச் சொல்லாது. கூடுதல் வேலை வந்தால் விலை எழுதி, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பின்பே செய்ய வேண்டும் என்ற வரி அதற்காக.

பணத்தை வாரக் கணக்கில் கொடுக்காமல் கட்டங்களோடு இணையுங்கள். அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பங்கு, டைல்ஸும் மேடையும் முடிந்ததும் ஒரு பங்கு, கப்போர்டு பொருத்தியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு சில சோதனைகளுக்குப் பிறகு. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினால் எங்கும் தேங்காமல் ஜாலிக்குப் போக வேண்டும். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கீழே இணைப்பில் ஒரு துளியும் கசியக் கூடாது. நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பார்த்து, பொள்ளென்று ஒலிப்பவற்றைப் பெயர்த்து மறுபடி ஒட்ட வேண்டும். மீந்த முழு டைல்கள் வீட்டுக்காரருடையவை, அவற்றைப் பரணில் அடுக்கிக் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே.