நீல மாத்திரையும் கேள்விப் பெட்டியும்

ஒன்பதாம் வகுப்புக்குள் வந்த நர்சிங் மாணவிகள் முதலில் ஒரு அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தார்கள். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். பருவமடைதல், சத்துணவு, ரத்தசோகை என்று படங்களோடு தயாராக வந்திருந்தவர்களை முதல் சீட்டே நிறுத்திவிட்டது. "அக்கா, மாத்திரை போட்டா வெளிக்குக் கறுப்பாப் போகுது. ரத்தம் கெட்டுடுச்சா?"

பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பற்றிய கேள்வி அது. உடல் எடுத்துக்கொள்ளாத இரும்புதான் கறுப்பாக வெளியேறுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால்தான் பல மாத்திரைகள் ஜன்னல் வழியாகப் போகின்றன. வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டியவர்களும் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

வாரத்துக்கு ஒன்று போதுமா என்று இன்னொரு சீட்டு. மாணவி கரும்பலகையில் கணக்குப் போட்டாள். ஒரு மாதவிலக்கில் சுமார் 40 மில்லி ரத்தம் போகிறது என்று வைத்தால், அதோடு ஏறக்குறைய 20 மில்லிகிராம் இரும்பும் போகிறது. மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு உடலில் சேர்ந்தாலும் நான்கு வாரத்தில் 24 மில்லிகிராம். இழப்பு ஈடாகிவிடும். ஆனால் வளரும் வயதில் உடம்புக்குப் புது ரத்தமும் வேண்டும். அந்த மிச்சம் சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஏழு நாளுக்கு மேல் உதிரப்போக்கு நீடித்தாலோ, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ இந்தக் கணக்கே செல்லாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் முருங்கைக்கீரை என்றார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலுள்ள இரும்பை அது உடலில் சேரவிடாது என்பது யாருக்கும் தெரியவில்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் கூடுதலாகச் சேரும். செலவில்லாத திருத்தம் இது. பாட அட்டையில் கீரைப் படம் பெரிதாக இருந்தது; டீ டம்ளர் இல்லை.

பிறகு விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்த்தார்கள். ஒரு சிறுமிக்கு 11.6. பன்னிரண்டுக்குக் கீழே என்றால் இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தசோகை. ஆனால் துளி வராததால் மாணவி விரலைப் பிதுக்கியதை ஆசிரியை கவனித்துவிட்டார். பிதுக்கினால் திசு நீரும் கலந்து அளவு குறைவாகக் காட்டும். கையை வெதுவெதுப்பான நீரில் வைத்துத் துடைத்து, வேறு விரலில், முதல் துளியைத் துடைத்துவிட்டு எடுத்தபோது 12.2.

உண்மையிலேயே குறைந்திருந்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது. அரசு வழிகாட்டுதல்படி தினமும் இரண்டு, மூன்று மாதம். ஏறியதா என்று பிறகு பார்க்க வேண்டும். அதற்குள் மாணவிகளின் பயிற்சிக் காலம் முடிந்துவிடும். வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்த தேர்வின் மதிப்பெண்தான் அவர்களுடைய அறிக்கையில் இருக்கும். மாத்திரை வயிற்றுக்குள் போனதா என்பது அதில் தெரியாது. அன்று புறப்படும்முன் அவர்கள் ஒரு தாளில் பெயர்களை எழுதி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் கொடுக்கச் சொல்லி வகுப்பாசிரியையிடம் தந்தார்கள்.